ஐந்து லட்சத்துக்கு எத்தனை அயர்ன் கான்டோர்?

மும்பையில் மாட்டுங்கா, செம்பூர் பக்கம் ஆப்ஷன் விற்கும் நம்மவர்கள் நாலு பேர் சேர்ந்தால் இந்தக் கேள்வி வந்துவிடும். உடனே ஒருவர் போனில் மார்ஜின் கால்குலேட்டரைத் திறப்பார், கையில் இருக்கும் பணத்தை அதில் வரும் தொகையால் வகுப்பார், "ஆறு போடலாம்" என்பார். அந்த ஆறு தப்பு என்பது என் உறுதியான கருத்து. ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன்.

நிஃப்டி 25,000-ல் இருக்கிறது, லாட் 65 என்று வைத்துக்கொள்வோம். 25,400 கால் ஆப்ஷனையும் 24,600 புட் ஆப்ஷனையும் விற்கிறோம். பாதுகாப்புக்கு 25,600 காலும் 24,400 புட்டும் வாங்குகிறோம். இந்த நாலு லெக்கும் சேர்ந்ததுதான் ஒரு அயர்ன் கான்டோர். நிகரமாக 50 புள்ளி கைக்கு வருகிறது. இரு பக்கமும் இடைவெளி 200 புள்ளி, ஆகவே அதிகபட்ச நஷ்டம் 150 புள்ளி, அதாவது 9,750 ரூபாய். ஆனால் கணக்கில் முடங்குவது ஏறத்தாழ 75,000. இதில் ஸ்பான் மார்ஜின் சிறிய பங்குதான், நாம் வாங்கிய லெக்குகள் அதை அமுக்கிவிடுகின்றன. மீதி முழுக்க எக்ஸ்போஷர் மார்ஜின். விற்ற ஒவ்வொரு லெக்குக்கும் ஒப்பந்த மதிப்பில் 2 சதவீதம். ஒப்பந்த மதிப்பு 16.25 லட்சம், அதில் 2 சதவீதம் 32,500, இரண்டு லெக்குக்கு 65,000. ஹெட்ஜ் வாங்கியிருப்பதால் இது குறைவதில்லை.

எக்ஸ்பைரி அன்றைக்கு என்ன ஆகிறது? 2024 நவம்பர் 20 முதல் செபி ஒரு விதி வைத்திருக்கிறது. அன்று முடியும் இண்டெக்ஸ் ஆப்ஷன்களை விற்று வைத்திருந்தால் ஒப்பந்த மதிப்பில் கூடுதலாக 2 சதவீதம் கட்ட வேண்டும். முந்தைய நாளிலிருந்து தொடரும் பொசிஷனுக்கும் இது பொருந்தும். நம் கான்டோருக்கு இன்னொரு 65,000. திங்கட்கிழமை 75,000 கேட்ட அதே பொசிஷன், நிஃப்டி ஒரு புள்ளிகூட அசையாமலே எக்ஸ்பைரி நாளான செவ்வாய்க்கிழமை காலையில் 1.40 லட்சம் கேட்கிறது.

இப்போது அந்த ஆறு கான்டோரைப் பாருங்கள். திங்களன்று 4.5 லட்சம், நன்றாகப் பொருந்துகிறது. செவ்வாயன்று 8.4 லட்சம் வேண்டும், கையில் இருப்பது ஐந்து.

செம்பூரில் ஒரு நண்பருக்கு இதுதான் நடந்தது. காலையில் மார்ஜின் பற்றாக்குறை என்று ப்ரோக்கரிடமிருந்து மெசேஜ். சந்தை சற்று இறங்கித் திறந்ததால் அவர் வாங்கியிருந்த புட் லாபத்தில் தெரிந்தது. பணம் வரட்டும் என்று அதை முதலில் விற்றுவிட்டார். விற்ற புட் துணையில்லாமல் நின்றது, ஒரு லாட்டுக்கே ஒரு லட்சத்துக்கு மேல் மார்ஜின் ஏறியது. பற்றாக்குறை குறையவில்லை, பெருகியது. அப்புறம் ப்ரோக்கரே மீதியைக் கிடைத்த விலைக்கு மூடினார். வெளியேறும்போது விற்றதைத்தான் முதலில் திரும்ப வாங்க வேண்டும், ஹெட்ஜை அதற்குப் பிறகுதான் விற்க வேண்டும். நுழையும்போது இதற்கு நேர்மாறு.

"அதிகபட்ச நஷ்டம் 9,750 தானே, எதற்குப் பாதிப் பணத்தைச் சும்மா வைக்கணும்?" என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். நாலு லெக்கும் கடைசிவரை ஒன்றாக இருந்தால்தான் 9,750. மார்ஜின் போதாமல் லெக்குகள் பிரிந்துவிட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

ஆகவே எக்ஸ்பைரி வரை வைத்திருக்கப் போகிறவர் 1.40 லட்சத்தால் வகுக்க வேண்டும். ஐந்து லட்சத்துக்கு மூன்று. செவ்வாயன்று 4.2 லட்சம் போக 80,000 மிஞ்சும், ஏதாவது ஒரு பக்கத்தை நகர்த்த அது வேண்டும். சாதாரண நாளில் இந்த மூன்றும் 2.25 லட்சம்தான் எடுக்கும், கிட்டத்தட்ட 45 சதவீதம். பாதிக்கு மேல் மார்ஜினைப் பயன்படுத்தாதே என்று பழைய ஆட்கள் சொல்வதற்கு இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. திங்கட்கிழமையே முடித்து வெளியேறுவேன் என்று உறுதியாக இருப்பவர் நான்கு போடலாம். அதற்கு மேல் எனக்குச் சம்மதமில்லை. செவ்வாயன்று இடம் பத்தாவிட்டால், விலை மலிந்துபோன பக்கத்தில் விற்ற லெக்கைத் திரும்ப வாங்குங்கள், ஒவ்வொரு லாட்டுக்கும் 65,000 விடுபடும்.

அந்த ஐந்து லட்சத்தில் பங்குகளை அடகு வைத்துக் கிடைத்தது எவ்வளவு என்பதையும் பாருங்கள். இரவு தாண்டும் பொசிஷனுக்கு மார்ஜினில் பாதி ரொக்கமாகவோ ரொக்கத்துக்குச் சமமானதாகவோ இருக்க வேண்டும். நாலு லட்சம் பங்கு, ஒரு லட்சம் ரொக்கம் என்றால் 4.2 லட்சம் கேட்கும் நாளில் ரொக்கப் பக்கம் இடிக்கும்.

சென்செக்ஸ் எக்ஸ்பைரி வியாழன், நிஃப்டி செவ்வாய், அதனால் சென்செக்ஸில் தனியாக மூன்று போடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். கூடுதல் 2 சதவீதம் ஒரே நாளில் சேராது என்பது சரிதான். ஆனால் இரண்டும் ஒரே நாளில் ஒரே பக்கம் விழும், இரண்டு இடத்திலும் புட் பக்கத்தை ஒரே மணி நேரத்தில் நகர்த்த வேண்டியிருக்கும், அதற்கு இருப்பது அதே ஐந்து லட்சம்தான். சென்செக்ஸில் ஒன்று போட்டால் நிஃப்டியில் இரண்டோடு நிறுத்துங்கள்.