தோற்ற பிள்ளைகளைப் பற்றி நாலு நிமிடம் பேசிய ஒரு கோச்

பரிசளிப்பு விழாவில் ரன்னர் கோப்பை வாங்க நிற்கும் பிள்ளைகளுக்கு மேடையிலிருந்து கிடைப்பது பெரும்பாலும் ஒரே வரிதான்: "தோல்விதான் வெற்றிக்கு முதல் படி." சொல்பவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் அது அந்த ஆட்டத்தைப் பார்க்காதவரும் சொல்லக்கூடிய வார்த்தை. களத்தில் முழங்கால் தேய்ந்து நிற்கும் பிள்ளைக்கு அது தெரியும். அதனால்தான் அவர்கள் தலையைக் குனிந்துகொள்கிறார்கள்.

எங்கள் வட்டாரத்தில் நடந்த 17 வயதுக்குட்பட்ட பெண்கள் கபடி இறுதிப் போட்டியில் நான் ஸ்கோர் மேசையில் இருந்தேன். 28-32 என்று தோற்ற அணியின் கோச்சிடம் மைக் கொடுத்தார்கள். அவர் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். அடுத்த நாலு நிமிடத்தில் அவர் பேசியதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. பிள்ளைகளின் பெயர்களை நான் இங்கே எழுதவில்லை.

முதலில் அவர் கூப்பிட்டது, என் தாளில் ஒரு புள்ளிகூட இல்லாத பெண்ணை. "இவ இன்னிக்கு எடுத்த பாயிண்ட் பூஜ்யம். ஆனா முதல் பாதியில நம்ம பக்கம் ரெண்டே பேர் நின்னப்ப பாடப் போனது இவதான். வெறுமனே பாடிட்டு வந்தான்னு வெளிய நின்னவங்க கத்துனாங்க. நான்தான் அப்படி வரச் சொன்னேன்."

கபடி தெரிந்தவர்களுக்கு இது புரியும், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். களத்தில் இரண்டே பேர் மிச்சம் இருக்கும்போது பாடப் போகிறவள் பிடிபட்டால் ஒருத்திதான் மிஞ்சுவாள். அவளும் அவுட் ஆனால் ஆல் அவுட், எதிரணிக்கு 2 புள்ளி கூடுதல். ஏழு பேர் எதிரே நிற்க, அவர்கள் பக்கம் போட்டிருக்கும் பாக் லைன் என்ற கோட்டைத் தாண்டிக் காலை வைத்துவிட்டு, யார் கையிலும் சிக்காமல் திரும்ப வேண்டும். தாண்டாமல் வந்தாலும் அவுட். அந்தப் பெண் தாண்டினாள், சிக்காமல் வந்தாள். அடுத்து எதிரணியிலிருந்து பாட வந்த ரைடர் உள்ளே வந்தபோது இவர்கள் இருவரும் சேர்ந்து மடக்கிவிட்டார்கள். மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ நின்று பிடித்தால் அது சூப்பர் டேக்கிள், 2 புள்ளி. வெளியே இருந்த ஒருத்தியும் உள்ளே வந்துவிட்டாள். என் தாளில் அந்த 2 புள்ளி மட்டும்தான் இருக்கிறது. அதற்கு முன்னால் நடந்த வெறும் ரெய்டு இல்லாமல் அந்தப் பிடியே நடந்திருக்காது. அன்று அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டவர் அந்தக் கோச் ஒருவர்தான்.

இரண்டாவதாக அவர் பேசியது, கூட்டமே குற்றம் சொல்லிக்கொண்டிருந்த பெண்ணைப் பற்றி.

கிட்டத்தட்ட 40 நொடி பாக்கி இருந்தபோது இவர்கள் 28, எதிரணி 30. முன்னால் இருந்தவர்கள் நேரத்தைக் கடத்த இரண்டு முறை வெறுமனே பாடிவிட்டுப் போனார்கள். அதனால் அவர்களுக்கு அடுத்தது டூ ஆர் டை ரெய்டு: புள்ளி எடுக்காமல் திரும்பினால் ரைடர் அவுட். இவர்கள் பக்கம் மூன்று பேர். ஆறு பேருக்குக் குறைவாக நிற்கும்போது போனஸ் கோட்டைத் தாண்டி எடுக்கும் புள்ளி கிடையாது என்பதால், வருகிறவள் ஆளைத் தொட்டே ஆக வேண்டும். இங்கே இரண்டு வழி இருந்தது. பின்கோட்டோடு ஒட்டி நின்று 30 நொடியையும் ஓடவிட்டால் ரைடர் அவுட், ஒரு புள்ளி, 29-30. அதன்பின் இவர்களுக்கு ஒரு ரெய்டு கிடைக்கும். நேரம் முடிவதற்குள் தொடங்கிய ரெய்டை முடிக்க விடுவார்கள். இல்லை, பிடித்துவிட்டால் சூப்பர் டேக்கிள், 30-30. இடது கார்னரில் நின்ற பெண் பிடிக்கப் போனாள். கணுக்கால் கையில் சிக்கியது. துணைக்கு வர வேண்டிய, கவர் இடத்தில் நின்றவள் வந்து சேர அரை அடி தாமதம். ரைடர் இருவரையும் இழுத்துக்கொண்டு நடுக்கோட்டைத் தொட்டுவிட்டாள். 28-32. கடைசி ரெய்டில் ஒன்றும் கிடைக்கவில்லை.

"சும்மா நின்னிருந்தா போதுமே" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அந்தப் பெண் மேடைக்கு வரவே தயங்கினாள். கோச் சொன்னது இது: "இங்க வாம்மா. நீ போனது சரி. மூணாவது ரெய்டுல அவ உள்ள வந்துதான் ஆகணும், பின்னால வரவிட்டுப் பிடின்னு சொல்லிக் கொடுத்தவன் நான். பிடிச்ச காலை நீ கடைசி வரைக்கும் விடல. கவர் ஏன் லேட் ஆச்சு? அஞ்சு பேர், ஆறு பேர் நிக்கிறப்ப கை கோத்து செயின் போடத்தான் நாம பழகியிருக்கோம். மூணு பேரா நின்னு பழகவே இல்ல. அது என் வேலை. திங்கட்கிழமை காலையில அதுலதான் ஆரம்பிக்கிறோம்."

அவர் அவளிடம் "பரவாயில்லை" என்று சொல்லவில்லை. நடுவரைக் குறை சொல்லவில்லை. "நீங்கள்தான் உண்மையான வெற்றியாளர்கள்" என்றும் சொல்லவில்லை. ஜெயித்த அணி பக்கத்திலேயே நிற்கும்போது அப்படிச் சொல்வது அவர்களை அவமதிப்பது, தோற்றவர்களும் அதை நம்ப மாட்டார்கள். எது சரியாக நடந்தது, எந்த இடத்தில் அரை அடி குறைந்தது, அதை யார் சரிசெய்ய வேண்டும் என்று பிரித்துச் சொன்னார். அதைத்தான் நான் பாராட்டு என்கிறேன்.

பிள்ளைகளின் முயற்சியைப் பாராட்ட வேண்டும் என்று இப்போது எல்லோரும் பேசுகிறோம். அந்தப் பேச்சு பரவியதில் உளவியலாளர்கள் கிளாடியா முல்லர், கரோல் டுவெக் இருவரும் 1998-இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் சிலரிடம் "நீ புத்திசாலி" என்றார்கள், சிலரிடம் "நன்றாக முயன்றாய்" என்றார்கள். பிறகு கடினமான புதிர்களைக் கொடுத்துத் தடுமாற வைத்தார்கள். அதன்பின் மறுபடி எளிய புதிர்கள் கொடுத்தபோது, புத்திசாலி என்று கேட்ட பிள்ளைகள் முன்பைவிடக் குறைவாகச் செய்தார்கள், முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்கள் மேலாகச் செய்தார்கள். ஆனால் அதே டுவெக், தோற்ற பிள்ளையிடம் முயற்சியை மட்டும் புகழ்ந்துவிட்டு நிறுத்துவது பயன் தராது, எந்த வழி பலித்தது, அடுத்து எதை மாற்றுவது என்பதும் சேர வேண்டும் என்று பின்னாளில் அழுத்திச் சொன்னார். அதை நம் மேடைகள் இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை.

ஸ்கோரை வைத்து உழைப்பை அளக்க முடியாது என்பதற்குக் கபடியிலேயே சாட்சி இருக்கிறது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு இறுதிப் போட்டியில் இந்திய மகளிர் அணி ஈரானிடம் 24-27 என்று தோற்றது. அடுத்த ஆசிய விளையாட்டில், 2023-இல் ஹாங்சோவில், சீன தைபேயை 26-25 என்று வென்று தங்கம் எடுத்தது. தோற்றது மூன்று புள்ளியில், ஜெயித்தது ஒரே ஒரு புள்ளியில். முதல் அணியைத் திட்டினோம், இரண்டாவது அணியைக் கொண்டாடினோம்.

போட்டி நடத்துகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. தோற்ற அணியின் கோச்சுக்கு, கோப்பை கொடுப்பதற்கு முன்பே மைக் கொடுங்கள். எல்லாம் முடிந்த பிறகு கொடுத்தால் பாதிப் பேர் வேன் ஏறியிருப்பார்கள், கேட்க வேண்டிய பெற்றோர் இருக்க மாட்டார்கள். கோச்சுகளும் ஆட்டத்தின்போதே குறித்துக்கொள்ள வேண்டும். ஆட்டம் முடிந்தபின் யோசித்தால் கடைசி ஒரு நிமிடமும் அதிகப் புள்ளி எடுத்தவரும்தான் நினைவில் நிற்பார்கள்.

என் பங்குக்கு, இனி நான் ஸ்கோர் எழுதும் போட்டிகளில் ஒரு தனித் தாள் வைக்கப் போகிறேன். யார் எத்தனை பேர் நிற்கும்போது வெறும் ரெய்டு போனார்கள், எந்தப் பிடி நழுவியது, அப்போது துணைக்கு வந்தது யார் என்று அதில் எழுதி, ஆட்டம் முடிந்ததும் இரண்டு கோச்சுகளிடமும் ஒவ்வொரு நகல் கொடுத்துவிடுவேன். அந்தத் தாளின் மாதிரி வேண்டும் என்கிற ஸ்கோரர்கள் கமெண்டில் சொல்லுங்கள், அனுப்புகிறேன்.