கன சதுர வலை: எதிர் முகங்கள் மட்டும் போதுமா?

ஒரு கன சதுரத்தின் படத்தைக் காட்டி, எந்த வலையை, அதாவது எந்த விரித்த தாள் வடிவத்தை, மடித்தால் அது கிடைக்கும் என்று தேர்வில் கேட்பார்கள். அதற்கு ஒரு குறுக்கு வழி சொல்வார்கள்:

“எதிரெதிர் முகங்கள் பொருந்தினால் அந்த வலைதான் விடை.”

பாதி சரி. அந்தச் சோதனை தவறான வலைகளை நீக்க உதவும். விடையை உறுதி செய்யாது. ஒரே வரிசையில் வட்டம், சதுரம், நட்சத்திரம், முக்கோணம். சதுரத்தின் மேலே கூட்டல் குறி, கீழே புள்ளி என வரையுங்கள். இன்னொரு தாளில் கூட்டலையும் புள்ளியையும் மட்டும் இடம் மாற்றுங்கள். எதிர் இணைகள் இரண்டிலும் ஒன்றே.

இரண்டையும் வெட்டி, குறிகள் வெளியே தெரியும்படி மடியுங்கள். சதுரம் முன்னாலும் கூட்டல் மேலேயும் இருக்கும்படி பிடித்தால், முதலாவதில் வலப்பக்கம் நட்சத்திரம், இரண்டாவதில் வட்டம். கண்ணாடிப் பிம்பங்கள்!

தேர்வறையில் கத்தரிக்கோல் கிடைக்காது. அங்கே கன சதுரப் படத்தில் ஒரு முனையில் சந்திக்கும் மூன்று குறிகளை வலஞ்சுழியாகப் படித்து, வலையிலும் அதே வரிசை வருகிறதா என்று பாருங்கள். அம்புக்குறி இருந்தால் அது எந்தப் பக்கம் நோக்குகிறது என்பதையும் பார்க்க வேண்டும். அது தனிக் கதை.