காலாண்டு ரிப்போட்டில 99.7% எண்டு எழுதிப்போட்டு விடாதேங்கோ

யாழ்ப்பாணத்தில இருந்துகொண்டு கொழும்பு, லண்டன் கிளையன்டுகளுக்கு சொஃப்ட்வெயர் சப்போர்ட் செய்யிற பிள்ளையள் இப்ப கனபேர் இருக்கினம். பெரிய கிளையன்டுக்கு மூண்டு மாசத்துக்கு ஒருக்கா போற ரிவியூ சுருக்கத்தை அவையள் எழுதிற விதம் எனக்குச் சரியாப் படேல்லை. மேல சிஸ்டம் விழாமல் எத்தினை வீதம் ஓடினது எண்ட அப்டைம், அதுக்குக் கீழ எத்தினை ரிக்கற் மூடினது, கடைசியில நிலுவை எண்டு ரெண்டு வரி, அவ்வளவுதான்.

ஒரு உதாரணம் எடுப்பம். கொழும்பில ஏழெட்டுக் கிளை இருக்கிற புடவைக்கடை, பில்லிங் சிஸ்டம் எங்கட பொறுப்பு. ஒக்டோபர் தொடக்கம் டிசம்பர் வரை 92 நாள், 2208 மணித்தியாலம். ஒப்பந்தத்தில 99.5% எண்டா 11 மணித்தியாலம் மட்டும் விழலாம், விழுந்தது ஆறரைதான், அப்ப 99.7%, பச்சை நிறம் போட்டு அனுப்பலாம். ஆனா அந்த ஆறரையும் விழுந்தது தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை பகல், கடை முழுக்க சனம் நிக்க கையால பில் எழுதினவை. அந்த முதலாளி பச்சை நிறத்தைக் கண்டா நாங்கள் மறைக்கிறம் எண்டுதான் நினைப்பார், பிறகு மிச்ச எண் ஒண்டையும் நம்பமாட்டார்.

அதால முதல் பந்தியிலயே அந்தச் சனிக்கிழமையை எழுதுங்கோ. டேட்டாபேஸ் இருந்த டிஸ்க் நிரம்பினதால நிண்டது, இப்ப 80% வந்த உடன அலேர்ட் வரும், ஆனா சேவர் விழுந்தா கவுண்டரில ஓஃப்லைனா பில் போட இன்னும் வழியில்லை. 99.7% அதுக்குப் பிறகு வரட்டும்.

அந்த "இன்னும் வழியில்லை" தான் நிலுவையில முதல் வரி. அதுக்கு நேர "இன் புரோகிறஸ்" எண்டு போட்டா ஒண்டும் விளங்காது. எப்ப திறந்தது, அவையின்ர வேலையில எங்க இடிக்குது, இப்ப ஆற்ற கையில நிக்குது, அடுத்த திகதி என்ன, இந்த நாலும் காணும். நிலுவை 14 இல இருந்து 9 ஆக் குறைஞ்சது நல்லதுதான், ஆனா அந்த 9 இல மூண்டு போன காலாண்டிலயும் இருந்ததெண்டா அந்த மூண்டையும் பேர் சொல்லி எழுதோணும், அவையள் பழைய ரிப்போட்டை எடுத்து வைச்சுப் பாப்பினம்.

சிலது கிளையன்டின்ர பக்கமே நிக்கும். ஓஃப்லைன் பில்லுக்குத் தேவையான கிளைகளின்ர பிரிண்டர் மொடல் விவரம் நவம்பர் 20 கேட்டது, இன்னும் வரேல்லை எண்டு திகதியோட மட்டும் எழுதுங்கோ, குறை சொல்லவேண்டாம். அனுப்ப முதல் அங்க ஐடி பாக்கிறவருக்கு ஒரு கோல் எடுத்துச் சொல்லிப்போடுங்கோ. முதலாளிக்கு முன்னால அந்த மனுசன் திடீரெண்டு முழிக்கிற மாதிரி வைச்சா அடுத்த முறை விவரம் இன்னும் பிந்தித்தான் வரும்.

திட்டம் எண்ட பகுதியில புதுசா பத்து ஃபீச்சர் வேண்டாம், நிலுவையில இருக்கிறதுக்குப் பதில் வந்தாக் காணும். பிரிண்டர் விவரம் ஜனவரி 20க்குள்ள கிடைச்சா பெப்ரவரி கடைசியில ஒரு கிளையில ஓஃப்லைன் பில்லிங் சோதிப்பம், மார்ச் முடிய முதல் எல்லாக் கிளையிலயும் போடுவம், ஏனெண்டா ஏப்ரலில சித்திரை வருசப்பிறப்பு வியாபாரம் தொடங்கியிடும்.