வேலை எப்போது முடிந்தது என்பதைப் பலகைக்கு யார் சொல்வது?

யாழ்ப்பாணத்தில் நாங்கள் நடத்தும் சிறிய மென்பொருள் அலுவலகத்தில், கடைகளுக்கான பற்றுச்சீட்டு மென்பொருளில் சதக் கணக்கு பிழைத்த 214ஆம் இலக்கப் பணியை ஒரு தம்பி வியாழக்கிழமை மாலை திருத்தி மேர்ஜ் செய்துவிட்டார். அவருடைய புல் ரிக்வெஸ்ட்டின் விளக்கத்தில் `Fixes #214` என்று ஒழுங்காகவே எழுதியிருந்தார். ஆனாலும் கிட்ஹப்பில் எங்கள் பணிகளைப் பட்டியலிடும் பலகையில் அந்தப் பணி திறந்தபடியே கிடந்ததால், மறுநாள் காலை இன்னொருவர் அதே பிழையைத் திருத்த உட்கார்ந்து அரைநாளை இழந்தார்.

தவறு தம்பியிடம் இல்லை. நாங்கள் அன்றாட வேலையை `develop` கிளையில் சேர்க்கிறோம்; எங்கள் இயல்புநிலைக் கிளையோ `main`. கிட்ஹப்பில் `Fixes`, `Closes`, `Resolves` போன்ற சொற்கள், புல் ரிக்வெஸ்ட் இயல்புநிலைக் கிளையை நோக்கியிருந்தால் மட்டுமே பணியை இணைத்து, மேர்ஜ் ஆனதும் மூடும். வேறு கிளையை நோக்கியிருந்தால் அச்சொல் எந்த எச்சரிக்கையுமின்றிப் புறக்கணிக்கப்படும். இரண்டு வாரம் கழித்து `develop` முழுவதும் `main` கிளைக்குள் போனபோதும் 214 மூடப்படவில்லை, ஏனெனில் அந்தச் சொல் கொமிட் செய்தியில் இல்லாமல் பழைய புல் ரிக்வெஸ்ட்டின் விளக்கத்தில் மட்டுமே இருந்தது.

இதற்குத் தீர்வாக `develop` கிளையையே இயல்புநிலைக் கிளையாக்கிவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். நான் அதை உறுதியாக எதிர்த்தேன். அப்படிச் செய்தால் பலகை தானாக நகரும் என்பது உண்மைதான், ஆனால் கடைக்காரரின் கணினியில் பழைய பதிப்பே ஓடிக்கொண்டிருக்கும்போது பலகை "முடிந்தது" என்று காட்டும். அதை நம்பி நாங்கள் அவருக்குப் பதில் சொல்லுவோம், அவரோ இன்னமும் பிழையான பற்றுச்சீட்டையே கையில் வைத்திருப்பார். தானாக நகராத பலகையைவிடத் தானாகத் தவறாக நகரும் பலகை கூடுதலான தீங்கு என்பது என் கருத்து.

இப்போது `develop` கிளைக்கான புல் ரிக்வெஸ்ட்டில் `Refs #214` என்று மட்டும் எழுதுகிறோம். `Refs` எதையும் மூடாது, ஆயினும் அந்த இலக்கத்தால் பணியின் பக்கத்தில் ஒரு குறிப்பு விழுவதால், யாரோ அதில் கை வைத்திருக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு பணிக்கு இரண்டு புல் ரிக்வெஸ்ட் தேவைப்படும்போது, முதலாவதே பணியை மூடிவிடும் ஆபத்தும் இதனால் இல்லை. மூடும் சொல், `main` கிளைக்குப் போகும் வெளியீட்டுப் புல் ரிக்வெஸ்ட்டில் மட்டும் வருகிறது:

```
Fixes #214, fixes #219, fixes #220
```

ஒவ்வோர் இலக்கத்துக்கு முன்னும் அந்தச் சொல் வரவேண்டும். `Fixes #214, #219` என்று எழுதினால் 214 மட்டுமே மூடப்படும். ஆகவே மேர்ஜ் பொத்தானை அழுத்துமுன் வலப்பக்கத்திலுள்ள `Development` பகுதியில் எல்லாப் பணிகளும் வரிசையாகத் தோன்றுகின்றனவா என்று பார்க்கிறோம். ஒன்று குறைந்தால், விளக்கத்தில் அந்த இலக்கத்துக்கு முன் சொல் விடுபட்டிருக்கிறதா என்று முதலில் தேடுகிறோம்.