எது பிழை என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்?

கொக்குவிலில் இருக்கிற பெரியம்மாவுக்காக ஒன்லைனில் ஒரு படிவம் நிரப்பினேன். அனுப்பினால் மேலே சிவப்பில் `Invalid input`. எந்தப் பெட்டியில், என்ன பிழை? ஒன்றும் இல்லை. "என்ர அட்டை செல்லாதோ தம்பி?" என்று பெரியம்மா பயந்தே போனா.

கடைசியில் பார்த்தால், பழைய அடையாள அட்டை இலக்கத்தின் முடிவில் சின்ன `v` அடித்ததுதான் குற்றமாம். அதைப் பெரிய `V` ஆக்க நிரலில் ஒரு வரி போதுமே! அதுவும் ஏலாதென்றால் அந்தப் பெட்டிக்குக் கீழேயே எழுதலாம்: "அடையாள அட்டை இலக்கம் சரியான வடிவில் இல்லை. பழைய அட்டை என்றால் 9 இலக்கங்களும் கடைசியில் பெரிய V அல்லது X உம், புதியது என்றால் 12 இலக்கங்களும் இடைவெளி விடாமல் அடியுங்கள்."

இதைவிடக் கொடுமை, சரியாக நிரப்பியிருந்த முகவரியையும் சேர்த்து அழித்து வைத்திருந்தார்கள்.