அம்மாயியின் மிளகுத் தேனும் நான் எழுதிய ஒரு வரியும்

போன மார்கழியில் இங்கே ஒரு பதிவு போட்டிருந்தேன். ஏற்காட்டுக் காபித் தோட்டத்தில் சில்வர் ஓக் மரமேறிக் கிடக்கும் மிளகுக்கொடி, அம்மாயி நாலு மிளகை நுணுக்கித் தேனில் குழைத்து எங்கள் நாக்கில் தடவுவது எனச் சொந்தக் கதை. அதோடு நிறுத்தியிருக்கலாம். "எப்பேர்ப்பட்ட இருமலும் மூணே நாளில் ஓடிப்போகும்" என்று முடித்தேன். அந்த வரிக்குத்தான் லைக் அதிகம்.

மறுநாள் அம்மாபேட்டையிலிருந்து சித்தி மகள் போன் பண்ணினாள். "அண்ணா, பாப்பாவுக்கு ஏழு மாசம். மிளகு காரும், தேன் மட்டும் வைக்கட்டுமா?"

வைக்காதே என்றேன். ஒரு வயது முடியாத குழந்தைக்குத் தேன் கூடாது. தேனில் சில நேரம் குளோஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் இருக்கும். நம் குடல் அவற்றை வளரவிடாது. பச்சைக் குழந்தையின் குடலில் அவை முளைத்து நஞ்சைக் கக்கி, நரம்பைத் தளர்த்திவிடும். முதலில் மலச்சிக்கல்தான் தெரியும். பிறகு இமை சரியும், அழுகை சன்னமாகும், பால் இழுக்காது, தலை நிற்காது. மலைத்தேன், கலப்படமில்லாத தேன் என்பதெல்லாம் இதில் காப்பாற்றாது. காய்ச்சினாலும் அந்த வித்து சாகாது.

அப்படியானால் அம்மாயி செய்தது தப்பா? இல்லை. எங்களுக்கு அப்போது ஆறு, எட்டு வயது. சளி இருமலில் படுக்கும் முன் அரை ஸ்பூன் தேன் தொண்டையை ஆற்றி ராத்திரித் தூக்கத்துக்கு உதவும் என்பதற்கு ஆய்வுகளே இருக்கின்றன. ஆனால் சளியைப் போக்கியது தேன் இல்லை. அது பெரும்பாலும் தானாகவே போகிற சரக்கு. பேர் மட்டும் மிளகுக்கு.

அந்தப் பதிவைத் திருத்தினேன். இப்போது இருப்பது இது: "ஒரு வயது தாண்டியவர்களுக்குச் சளி இருமலில் தொண்டைக்கு இதமாக இருக்கும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் தேனையும் சர்க்கரைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், காசநோயாகவும் இருக்கலாம். குழந்தைக்கு மூச்சு வாங்கினாலோ, விலா உள்ளே இழுத்தாலோ அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்." லைக் பாதிகூட இல்லை, போகட்டும்.

எழுதச் சிரமப்பட்டது சேனை விஷயத்தைத்தான். பிறந்த குழந்தை நாக்கில் தேன் தொட்டு வைக்கிற வீடுகள் நம் பக்கம் இன்னும் உண்டு. "மூடநம்பிக்கை" என்று ஆரம்பித்தால் அந்த வீட்டுப் பாட்டி அடுத்த வரியைக் கேட்க மாட்டார். சேனையில் முக்கியம் தேனா? யார் கை என்பதுதானே! நல்ல குணமுள்ளவர் கை பட்டால் பிள்ளைக்கு அந்தக் குணம் வரும் என்பார்கள். அந்தக் கையே பிள்ளையை முதலில் மடியில் வாங்கட்டும், வாயில் தாய்ப்பால் மட்டும் போகட்டும் என்று எழுதினேன்.

அம்மாயியிடம் வாசித்துக் காட்டினேன். "மிளகு நாலில்லடா, ரெண்டு," என்றார். அதையும் திருத்திவிட்டேன்.