'இழை' என்று எழுதினால் பக்தி குறைந்துவிடுமா?

ஆலய மலர் விவகாரம் பினாங்கில் இருக்கும் நம் வட்டத்துக்கெல்லாம் தெரியும், அதனால் யார் எவர் என்று இங்கே எழுதவில்லை. அந்த மலருக்கு ஒரு மாணவி அனுப்பிய குறள் வெண்பா இது:

அறுந்த இழைமுடிந் தஞ்செழுத்தும் ஓதி
நிறுத்திய கால்மிதித்தான் நேர்ந்து

அச்சில் வந்தபோது 'இழைமுடிந்' என்பது 'பாசமுடிந்' என்று மாறியிருந்தது. ஏன் என்று கேட்டால், "தறி, நூல் எல்லாம் தொழில் சங்கதி, பக்திக் கவிதைக்கு ஆன்மிகச் சொல் வேண்டும்" என்கிறார்கள் மலர்க்காரர்கள். மூன்று நாளாக மனசு ஆறவில்லை.

முதலில் யாப்பைப் பாருங்கள். 'அறுந்த' என்பது புளிமா. மாச்சீருக்குப் பின் நிரை வந்தால்தான் வெண்டளை. 'இழை' நிரை, பொருந்துகிறது. 'பா' நேர், தளை தட்டுகிறது. திருத்தியவர் வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பார்த்திருந்தாலே காது காட்டிக் கொடுத்திருக்கும்.

சரி, தளையை விடுங்கள். பொருளைப் பாருங்கள். சைவ சித்தாந்தத்தில் பாசம் அறுவதுதான் வீடுபேறு. அறுந்த பாசத்தை மறுபடி முடிந்து, அதற்கு அஞ்செழுத்து வேறு ஓதுகிறானாம்! ஆன்மிகச் சொல் போடுகிறேன் என்று கிளம்பி, சித்தாந்தத்தையே தலைகீழாக்கி அச்சடித்துவிட்டார்கள்.

அவள் எழுதியது என்ன? தறியில் பாவு நூல் ஒன்று அறுந்தால் மிதிப்பதை நிறுத்தித்தான் ஆக வேண்டும். கவனிக்காமல் நெய்துகொண்டே போனால் அந்த ஓர் இழை இல்லாத இடம் துணியின் நீளத்துக்கும் கோடாக ஓடும், பிறகு ஒன்றும் செய்ய முடியாது. நிறுத்தி, அறுந்த முனையில் துண்டு நூலை முடிந்து, விழுதின் கண்ணிலும் அச்சின் பல்லிலும் நுழைத்து, மற்ற இழைகளின் இறுக்கத்துக்கு இழுத்துக் கட்டிவிட்டுத்தான் காலை மறுபடி வைக்க முடியும். அந்த இடைவெளியில் அஞ்செழுத்து. பிறகு 'நேர்ந்து', அதாவது காணிக்கையாக, மிதிக்கிறான். வேலை நின்ற இடத்தில் பூசை நடக்கிறது. 'இழை'யை எடுத்துவிட்டால் கால் ஏன் நின்றது என்பதற்கே கவிதையில் காரணம் கிடையாது.

"நெசவைப் பாடலாம், ஆனால் உவமையாகப் பாட வேண்டும், இறைவன் நெசவாளி, நாம் நூல் என்று" என்று ஒருவர் பின்னூட்டத்தில் வகுப்பெடுத்திருக்கிறார். ஐயா, உவமை வேறு, காணிக்கை வேறு. உவமையில் தறி வெறும் ஏணி, ஏறியதும் தள்ளிவிடலாம். காணிக்கையில் தறியில் விளைந்த துணியே போய்ச் சேர வேண்டும்.

சேக்கிழார் நேச நாயனாரை எப்படிப் பாடினார்? மனத்தின் செய்கை அரனடிக்கு, வாக்கின் செய்கை அஞ்செழுத்துக்கு, கைத்தொழிலின் செய்கை அடியார்க்கு. மூன்றையும் ஒரே வரிசையில் வைத்தார். நாயனார் நெய்தவை உடை, கீள், 'பழுதில் கோவணம்'. அந்தப் 'பழுதில்' என்ற சொல்லைக் கவனியுங்கள். இழை விட்ட துணியை அடியாருக்குக் கொடுக்க முடியாது. தறிக்காரன் சொல் அது, பக்திச் சொல்லும் அதுதான். கோவணம் என்று எழுதச் சேக்கிழார் கூசவில்லை. 'திருநீலகண்டத்துக் குயவனார்க் கடியேன்' என்ற சுந்தரரும் குயவர் என்ற சொல்லை ஒளிக்கவில்லை. நமக்கு மட்டும் ஏன் கூச்சம்?

"பூசலார் மனத்திலேயே கோயில் கட்டினாரே, கைவேலை எதற்கு?" என்பீர்கள். அந்தப் பாடல்களைத் திரும்பப் படியுங்கள். மனத்துக்குள்ளேயும் அவர் பொருள் தேடுகிறார், தச்சரைத் தேடுகிறார், இரவிலும் கண்மூடாமல் எழுப்புகிறார். சிகரம், சுதைவேலை, கிணறு, மதில், குளம் என்று ஒன்றையும் விடவில்லை. மனக்கோயிலுக்கே சுதை பூச வேண்டியிருந்தது.

"மலேசியாவில் யார் தறி போடுகிறார்கள்?" என்பதும் வந்தது. இது ஓரளவு நியாயம்தான். அப்படியானால் கொத்தனாரைப் பாடுங்கள். கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயரே செங்கல் சூளையால் வந்தது. காய்ந்த செங்கல்லை அப்படியே வைத்தால் அது சாந்தின் ஈரத்தை உறிஞ்சிவிடும், சாந்து இறுகுவதற்குள் வறண்டு, கல்லைப் பிடிக்காமல் பொடியாக உதிரும். அதனால் கல்லை முதலில் நனைப்பார்கள். நனைப்பதும் நீராட்டுதான் என்று ஒருவர் எழுதினால் அதையும் 'அபிஷேகம்' என்று திருத்துவீர்களா? திருத்தினால் கல் எங்கே, சாந்து எங்கே, அவர் கை எங்கே?

கோயிலைக் கட்டிய கை வேண்டும், சாமி உடுத்திய துணி வேண்டும், அந்த வேலையின் பெயர் மட்டும் மலரில் வரக்கூடாது. எனக்கு வலிப்பது அதுதான்.

"சின்னப் பெண், பெரியவர்கள் திருத்தினால் ஏற்றுக்கொள்ளட்டும்" என்றும் சொல்கிறார்கள். தவறிருந்தால் ஏற்றுக்கொள்வாள். இங்கே தவறு திருத்தியவர் பக்கம்.

அடுத்த மலரில் ஒரு வரித் திருத்தம் போடுங்கள். 'பாச' இரண்டெழுத்து. 'இழை'யும் இரண்டெழுத்துதான். பக்கத்தில் இடம் போதவில்லை என்று சொல்ல முடியாது.